"சரி" என்ற சொல்லுக்குப் பின்னால் வைக்கும் புள்ளி

"மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். வாட்ஸ்அப்பில் நான் 'சரி.' என்று போட்டால் 'ஏம்மா கோவமா' என்று கேட்கிறாள். அவள் அனுப்புவதிலோ புள்ளியும் இல்லை, கமாவும் இல்லை. maaaa, hmm, k என்றுதான் வரும். இது சோம்பலா, இல்லை இதற்கும் ஒரு முறை இருக்கிறதா? தரம் 10 படிக்கும் மகனின் தமிழும் இதனால் கெட்டுவிடுமா?" – ஹட்டன் பக்கத்திலிருந்து ஓர் அம்மா.

முறை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான். புள்ளியிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் வீட்டுச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

தாளில் எழுதும்போது ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று காட்டப் புள்ளி தேவை. வாட்ஸ்அப்பில் அந்த வேலையை அனுப்பும் பொத்தானே செய்துவிடுகிறது. ஒரு செய்தி ஒரு கட்டத்துக்குள் வந்து நிற்கிறது, கட்டம் முடிந்தால் பேச்சும் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒருவர் புள்ளி வைத்தால், வாசிப்பவர் மனம் அதற்கு வேறு காரணம் தேடுகிறது. வேலையில்லாத இடத்தில் ஒரு குறி நிற்கிறதே, வேண்டுமென்றே வைத்ததாக இருக்குமோ என்று. "இத்தோடு பேச்சு முடிந்தது" என்ற தொனி அப்படித்தான் வருகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா கிளினும் அவருடைய குழுவினரும் 126 மாணவர்களிடம் சிறு உரையாடல்களைக் கொடுத்தார்கள். ஒருவர் எங்கோ போகலாமா என்று அழைக்கிறார், மற்றவர் ஒரே சொல்லில் சம்மதிக்கிறார். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் புள்ளி இருந்தபோது, புள்ளி இல்லாதபோது இருந்ததைவிட மனப்பூர்வம் குறைவு என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே உரையாடலைக் கையால் எழுதிய சீட்டாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் வரவில்லை. 2016இல் அச்சான ஆய்வு இது. குற்றம் புள்ளியிடம் இல்லை, அது நிற்கும் இடத்தில்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அது ஆங்கிலத்தில், ஒற்றைச் சொல் பதிலை வைத்து, இளவயதினரிடம் செய்த சோதனை. நீளமான செய்திக்கும் எல்லா வயதினருக்கும் அதை அப்படியே நீட்டக்கூடாது. இரண்டு மூன்று வாக்கியங்களை ஒரே கட்டத்தில் எழுதினால் இடையில் வரும் புள்ளிக்கு உண்மையான வேலை இருக்கிறது, அது யாரையும் சுடாது.

தமிழில் இந்தச் சூடு இன்னும் கொஞ்சம் ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் யாரிடமும் வெறும் "சரி" சொல்வது குறைவு. மகளிடம் "சரிம்மா", மகனிடம் "சரிடா", பக்கத்து வீட்டு அண்ணனிடம் "சரிங்க". உறவும் மரியாதையும் அந்த வால் அசையில்தான் இருக்கின்றன. நேரில் பேசும்போது வால் இல்லாவிட்டாலும் குரல் ஈடுசெய்துவிடும். எழுத்தில் குரல் இல்லை, வாலும் இல்லை, போதாக்குறைக்கு ஒரு புள்ளி. உங்கள் மகள் படிப்பது அந்த மூன்றையும் சேர்த்துத்தான். "சரிம்மா." என்று புள்ளியோடே அனுப்பிப் பாருங்கள், கோபமா என்ற கேள்வி பெரும்பாலும் வராது. புள்ளியை விட்டுவிடுவதைவிட "ம்மா"வைச் சேர்ப்பதுதான் அதிகம் வேலை செய்யும் என்பது என் கணிப்பு.

இப்போது அதே உரையாடலை மகளின் பக்கத்திலிருந்து பார்ப்போம். இந்த வாரம் வீட்டுக்கு வர முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அவள் வயதுப் பிள்ளைகள் அதை இப்படித்தான் அனுப்புவார்கள்:

```
amma
intha kilama varala
leave illa
salli anuppuren
```

நான்கு வரி, நான்கு செய்தி. இதில் ஒவ்வொரு வரி முறிவும் ஒரு முற்றுப்புள்ளிதான். முதலில் வரும் "அம்மா" கூப்பிடுவதற்கு, நேரில் என்றால் நீங்கள் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பாளே, அந்த இடைவெளி அது. பிறகு செய்தி, பிறகு காரணம், பிறகு சமாதானம். ஒழுங்கு தெளிவாக இருக்கிறது. இதில் தவறிப்போவது எழுத்து இல்லை, சிக்னல். மலைப்பக்கத்தில் இணைப்பு விட்டு விட்டு வரும்போது முதல் வரி மட்டும் வந்து நின்றுவிடும். "amma" என்று ஒற்றைச் சொல் வந்து, அடுத்தது கால் மணி நேரம் வராவிட்டால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். முக்கியமான சேதி என்றால் ஒரே கட்டத்தில் போடச் சொல்லுங்கள். அது நியாயமான கோரிக்கை, அவளும் ஒத்துக்கொள்வாள்.

கமாவும் புள்ளியும் இல்லாமல் தமிழ் எப்படித் தாங்குகிறது என்று கேட்டால், தமிழ் நெடுங்காலம் அவை இல்லாமலேதான் இருந்தது. ஓலைச்சுவடியில் இன்றைய நிறுத்தக்குறிகள் கிடையாது, மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பல சுவடிகளில் இருக்காது. கமாவும் கேள்விக்குறியும் ஐரோப்பியரின் அச்சோடு வந்தவை. அதுவரை படிப்பவர் திண்டாடாமல் இருந்ததற்கு நம் வாக்கிய அமைப்பே காரணம். வினைச்சொல் கடைசியில் வருகிறது, "வந்தான்" என்றால் வாக்கியம் முடிந்தது. கேள்விக்கு "ஆ" இருக்கிறது: "வந்தியா" என்பதற்குக் கேள்விக்குறி வேண்டாம். பிறர் சொன்னதைச் சொல்ல "என்று" இருக்கிறது, அடுக்கிச் சொல்ல "உம்" இருக்கிறது. ஆங்கிலத்தில் குறி செய்யும் வேலையில் பாதியைத் தமிழில் சொல்லின் கடைசி அசை செய்துவிடுகிறது. அதனால் மகளின் செய்தியில் குறி இல்லாதது பெரும்பாலும் இழப்பில்லை.

இழப்பாகும் இடங்கள் சில உண்டு, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, "illa" என்ற சொல். "வரமாட்டியா?" என்று கேட்டதற்கு "illa varren" என்று பதில் வந்தால், "இல்லை, வருகிறேன்" என்று அர்த்தம். அவசரத்தில் "இல்லை" என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சோற்றைக் குறைத்து வைத்தவர்கள் இருப்பார்கள். இந்த இடத்தில் ஒரு கமா கட்டாயம் வேண்டும், அல்லது இரண்டு வரியாக அனுப்ப வேண்டும். மற்றொன்று, உறவுப் பெயரில் தொடங்கும் கேள்வி. "amma saptacha" என்று உங்களுக்குத் தனியாக வந்தால் சிக்கல் இல்லை. குடும்பக் குழுவில் வந்தால், அம்மாவைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாளா, அம்மா சாப்பிட்டாரா என்று தம்பியிடம் கேட்கிறாளா? "சாப்பிட்டாச்சா" என்ற வினையில் யார் என்பதற்கு அடையாளமே இல்லை. பேச்சில் "அம்மா"வுக்குப் பின் வரும் சிறு நிறுத்தம் அதைத் தீர்த்துவிடும், எழுத்தில் அந்த நிறுத்தத்துக்குப் பெயர்தான் கமா.

இனி நீட்டல். "maaaa" என்று அவள் எழுதுவதைச் சோம்பல் என்று சொல்லவே முடியாது, இன்னும் மூன்று தடவை விரலை அழுத்தியிருக்கிறாள். குரலை இழுப்பதை எழுத்தில் காட்டுகிறாள். நம் இலக்கணத்தில் இதற்கு அளபெடை என்று பெயரே இருக்கிறது. குறளில் "ஓஒதல்" என்று வருவதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: நெட்டெழுத்துக்குப் பக்கத்தில் அதற்கு இனமான குற்றெழுத்தைப் போட்டு, ஓசை நீள்கிறது என்று காட்டுவது. செய்யுளில் அது பெரும்பாலும் ஓசை குறையும் இடத்தை நிரப்ப வருகிறது, போனில் உணர்ச்சிக்காக வருகிறது. காரணம் வேறு, வழி ஒன்று. தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயர்கள் தமக்குரிய மாத்திரையைத் தாண்டி ஒலிக்கும் என்று தொல்காப்பியத்தின் விளிமரபு சொல்கிறது. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு "அம்மா" என்று கூப்பிடுபவள் அதை நீட்டத்தான் செய்வாள்.

எந்த எழுத்தை நீட்டலாம் என்பதிலும் ஒழுங்கு இருக்கிறது. உயிர் நீளும். மெய்யில் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகியவை நீளும் என்று நன்னூல் ஒற்றளபெடைக்குக் கணக்குச் சொல்கிறது, வல்லெழுத்து அதில் இல்லை. வாயில் வைத்துப் பார்த்தாலே காரணம் புரியும். "ம்ம்ம்" என்று மூச்சு உள்ளவரை இழுக்கலாம், "க்" என்பதை இழுக்க முடியாது, காற்று அடைபட்டுவிடும். பிள்ளைகள் எழுதும் "டேய்ய்ய்", "ஏன்ன்ன்", "போங்கஅஅ" எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்குகின்றன. அடங்காதவையும் உண்டு. "okkkk" என்பதை யாராலும் அப்படி உச்சரிக்க முடியாது. யோரம் கால்மன், டேரன் கெர்கிள் என்ற இரு ஆய்வாளர்கள் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மின்னஞ்சல்களை அலசி 2014இல் எழுதியதும் இதைத்தான் காட்டுகிறது: நீட்டல் பல இடங்களில் குரலைப் பின்பற்றுகிறது, சில இடங்களில் வாயால் நீட்ட முடியாத எழுத்தும் நீள்கிறது. அங்கே நீட்டல் ஓசையை விட்டுவிட்டுக் கண்ணுக்கான அழுத்தமாக மாறிவிட்டது.

தமிழ் எழுத்தில் நீட்டும்போது ஒரு தொழில்நுட்பத் தடை வரும். "சரி"யை நீட்டலாம் என்று ரகரத்தின் மேலுள்ள இகரக் குறியையே மறுபடி மறுபடி தட்டினால், பல போன்களில் இரண்டாவது குறி ஒட்டுவதற்கு எழுத்து இல்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குறி தனியாக நிற்கக்கூடாதது, அதற்கு ஒரு மெய் வேண்டும். அதனால்தான் பிள்ளைகள் "சரிஇஇ", "அம்மாஆஆ" என்று முழு உயிரெழுத்தையே பக்கத்தில் போடுகிறார்கள். பழைய புலவர்கள் செய்ததும் அதுவே. யாரும் சொல்லித் தராமலே விசைப்பலகை அவர்களை அளபெடைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது சிக்கல் வேறு மாதிரி. அங்கே "aa" என்பது நீட்டல் இல்லை, வெறும் ஆகாரம். "vaa" என்றால் சாதாரண "வா". மூன்றாவது "a" வந்தால்தான் இழுவை. ஆனால் எல்லோரும் ஆகாரத்துக்கு இரண்டு "a" போடுவதில்லை, "va" என்று எழுதிப் பழகியவருக்கு "vaa"வே கெஞ்சலாகத் தெரியும். ஆகவே எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. அந்த ஆள் வழக்கமாக அந்தச் சொல்லை எப்படி எழுதுவார், இன்று எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட வேண்டும். எப்போதும் "maaa" என்று எழுதும் பிள்ளை ஒருநாள் "ma" என்று நிறுத்தினால், அதைக் கவனிப்பது நல்லது.

அடுத்து "hmm". இங்கே தலைமுறைகள் உண்மையாகவே முட்டிக்கொள்கின்றன. கதை கேட்கும்போது நாம் ம் கொட்டுவோம், "கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லு" என்பதற்கு. "வருவியா" என்றால் "ம்" என்பது சம்மதம். ஆங்கிலத்தில் "hmm" என்பது யோசனை, சில இடத்தில் சந்தேகம். மகள் நம்முடைய "ம்"ஐ "hmm" என்று எழுதியிருக்கக்கூடும், அல்லது ஆங்கிலப் பொருளிலேயே எழுதியிருக்கக்கூடும். எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது, முந்தைய வரியைப் பாருங்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அது பெரும்பாலும் சம்மதம். நீங்கள் எதையாவது விளக்கிச் சொல்லியிருந்தால் ம் கொட்டல். நீங்கள் அறிவுரை சொல்லியிருந்தால், அது என்னவென்று உங்களுக்கே தெரியும். "k" மட்டும் விதிவிலக்கு. அதில் வாலும் இல்லை, நீட்டலும் இல்லை, உள்ளதிலேயே மிகக் குறைந்த பதில். "சரி." என்ற உங்கள் பதிலுக்கு அவளிடமுள்ள இணை அதுதான். வேலை நேரத்தில் வந்தால் அவசரம், இரவில் வந்தால் மனத்தாங்கலாக இருக்கலாம்.

"k" போன்ற சுருக்கங்கள் பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காரணங்கள் இப்போது இல்லை. ஒரு எஸ்.எம்.எஸ். செய்தியில் 140 பைட்டுக்கு மேல் போகாது. ஆங்கில எழுத்தென்றால் 160 வரும், தமிழென்றால் 70தான். அதிலும் தமிழில் உயிர்க்குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை" என்பதில் நாம் எண்ணினால் 15 எழுத்து, இரண்டு இடைவெளி. போன் எண்ணினால் 29. இதையே "naalaiku school illa" என்று எழுதினால் 20. இப்படி இரண்டு வாக்கியம் தமிழில் எழுதினாலே ஒரு செய்தி ஏறக்குறைய நிரம்பிவிடும், ஆங்கில எழுத்தில் எட்டு எழுதலாம். செய்திக்கு இவ்வளவு என்று காசு வெட்டிய காலத்தில், பழைய பொத்தான் போனில் "s" வேண்டுமானால் 7ஐ நான்கு தடவை அழுத்த வேண்டியிருந்த காலத்தில், தமிழர் ஆங்கில எழுத்துக்குப் போனதற்கும் சுருக்கியதற்கும் இதைவிடக் காரணம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அந்த எல்லை இல்லை. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

அப்படித் தங்கியதும் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. டொராண்டோவில் சாலி டாக்லியமொண்டே, டெரெக் டெனிஸ் இருவரும் பதின்வயதினரின் உடனடி அரட்டைகளைத் திரட்டி எண்ணி 2008இல் வெளியிட்டார்கள். அரட்டைக்கே உரிய சுருக்கங்களும் சிரிப்புச் சொற்களும் மொத்தச் சொற்களில் 2.4 சதவீதம்தான். கண்ணில் குத்துவதால் நிறைய இருப்பதுபோலத் தோன்றுகிறது. தமிழில் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்க இலக்கணக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொல்லில் உயிரெழுத்தை உருவிவிட்டாலும் "pls", "msg" என்று அடையாளம் தெரியும். தமிழ் வினையில் ஆள் யார் என்பது கடைசி உயிரில் இருக்கிறது. "vnthn" என்று எழுதினால் வந்தேனா, வந்தானா? அதனால் உங்கள் மகள் சுருக்குபவற்றைக் கவனித்தால் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களாகவே இருக்கும். தமிழ்ச் சொல்லைப் பேச்சில் எவ்வளவு சுருங்குமோ அவ்வளவுதான் சுருக்குவாள்: வந்துவிட்டேன், வந்துட்டேன்.

கடைசியாக மகன். பிரிட்டனில் 10 முதல் 12 வயதுவரையுள்ள 88 பிள்ளைகளை வைத்துப் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கங்களை அதிகம் கையாண்ட பிள்ளைகள் சொல் வாசிப்பில் பின்தங்கியிருக்கவில்லை, சற்று மேலாகவே இருந்தார்கள். சொல்லை ஒலியாகப் பிரிக்கத் தெரிந்தால்தானே சுருக்க முடியும். ஆனால் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே எழுதினார்கள். தமிழை இரவல் எழுத்தில் எழுதும் உங்கள் மகனுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக்கூடாது. அவன் போனில் "malaila iruken" என்று எழுதினால் மலையில் இருக்கிறேன், அதாவது கொழுந்து மலையில், என்றும் வாசிக்கலாம், மழையில் இருக்கிறேன் என்றும் வாசிக்கலாம். எழுதும்போது ல, ள, ழ என்ற தேர்வே அவனுக்கு வருவதில்லை. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே "n". பயிற்சி குறையும் இடம் அதுதான்.

கெட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சில வாக்கியங்களை நீங்கள் சொல்ல அவன் தாளில் எழுதட்டும்: "மழை பெய்ததால் மலைக்குப் போகவில்லை", "அரை மணி நேரம் அறையில் இருந்தான்", "பூவின் மணம் மனத்துக்கு இதம்". பிழைகளை ஒன்றாகக் கூட்டாமல் வகை பாருங்கள். "மளை" என்று எழுதினால் போனைத் திட்டாதீர்கள், அது நாம் பேசும் விதம் எழுத்தில் ஏறியது. போனுக்கு முந்திய தலைமுறையிலும் அதே பிழை இருந்தது. "மலைக்கு போகவில்லை" என்று இடையில் வரும் "ப்" என்ற ஒற்றெழுத்தை விட்டால், கடைப் பலகையிலிருந்து துண்டறிக்கைவரை எல்லா இடத்திலும் பார்க்கும் பிழை, போனும் ஒரு பங்குதாரர். "அரையில் இருந்தான்" என்று வந்தால் அங்கே போனைச் சந்தேகிக்கலாம். தட்டும்போது போன் காட்டும் சொற்பட்டியலில் முதலில் வருவதைத் தொட்டுப் பழகியவர்களிடம் சரியான சொல்லுக்குப் பதில் இன்னொரு சரியான சொல் வந்து நிற்கும்.

அடுத்ததாக, ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லுங்கள். "மழை பெஞ்சதால போகல" என்ற பேச்சு நடை உள்ளே வந்தால், "இதைப் பரீட்சைக்கு எழுதுவதுபோல் மாற்று" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். அவனே மாற்றிவிட்டால் அவனிடம் இரண்டு நடையும் இருக்கின்றன, கவலைக்கு இடமில்லை. மாற்றத் தெரியாமல் விழித்தால், அரட்டையை நிறுத்துவதால் அது வந்துவிடாது. வாசிப்பும் கையெழுத்துப் பயிற்சியும்தான் குறைந்திருக்கின்றன, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அதற்குக் காலம் இருக்கிறது.

போனையே பயிற்சிக்குப் பயன்படுத்த நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகை இதற்கு உதவாது, அங்கே ழகரமா ளகரமா என்று தேர்ந்தெடுப்பது கருவி. போனின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ் எழுத்துகளே நேரடியாக வரிசையாக இருக்கும் விசைப்பலகையைத் தெரிவு செய்து, சொற்பரிந்துரையை அணைத்துவிடுங்கள். அப்போது ஒவ்வொரு ழ, ள, ற, ர, ண, ன எழுத்தையும் அவன் விரலே தேட வேண்டியிருக்கும். முதல் சில நாள் மெதுவாக இருக்கும், முணுமுணுப்பான். எல்லாச் செய்திக்கும் வேண்டாம், உங்களுக்கு அனுப்புவதை மட்டும் அப்படி எழுதச் சொல்லுங்கள்.